மூன்றடி இடம்

ராசையா இன்ச் டேப்பை இழுத்துக் கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையில் வைத்தார். மறுமுனையைப் பச்சையம்மாவே பிடித்துக்கொண்டாள். முப்பத்தாறு அங்குலம். அதற்கு மேல் அரை அங்குலம் இருந்தது. அது சுவரில் பெயர்ந்த காரை.

"கரீட்டா மூணு அடி. என் பிரிட்ஜு இதுல உக்காந்துரும்" என்றார் ராசையா.

அவர் காலடிப்பேட்டைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் தயிர், பால் பாக்கெட் போடும் ஏஜென்ட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பிரிட்ஜ் ஒன்றைக் கம்பெனி இந்தத் தெருவில் ஒரே ஒரு கடைக்குக் கொடுக்கிறது. காசு வேண்டாம். ஆனால் பிரிட்ஜ் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். உள்ளே தள்ளி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்கிற கதையே கூடாது.

"சனிக்கெழம வண்டி வரும். நீ எடம் குடுக்கலன்னா எதுத்தாப்புல பவுனம்மா கடையில எறக்கிருவேன். அப்பால எம்மேல கோச்சிக்காத."

பச்சையம்மா தலையாட்டினாள். இன்று செவ்வாய்க்கிழமை.

அந்த மூன்றடியில் போன வருஷம் வரை சோப்பு, ஷாம்பு பாக்கெட் சரம், பிஸ்கட், அப்பளம் இருந்தன. பால் வாங்க வருகிறவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எழுபது எண்பது ரூபாய் லாபம் அந்த இடத்திலிருந்து மட்டும் வரும் என்பது அவளுக்கு எழுதிப் பார்க்காமலே தெரியும். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவளுக்கு எந்தப் பலகை சம்பாதிக்கிறது, எந்தப் பலகை தூங்குகிறது என்பது தெரியாமலா போகும்?

பிறகு அவள் கணவர் பரசுராமன் வேலை போய் வீட்டுக்கு வந்தார். விம்கோ நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஸ்பேனர் வேண்டுமானாலும் சுத்தியல் வேண்டுமானாலும் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று, டோக்கன் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கம்பெனி ஆட்களைக் குறைத்தது. கொடுத்த பணத்தில் பெண்ணின் கல்யாணம் போக மிஞ்சியதை வைத்து இந்தக் கண்ணாடிப் பெட்டியைச் செய்யச் சொன்னார். உள்ளே குழல்விளக்கு. மேலே 'ரீசார்ஜ், போன் பில் இங்கே செலுத்தலாம்' என்று சிவப்புப் பலகை. பெட்டிக்குள் நான்கைந்து சிம் கார்டு உறைகள், இரண்டு போன் கவர், ரசீதுப் புத்தகம். பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அவர். பிஸ்கட்டும் சோப்பும் உள்சுவர்ப் பலகைக்குப் போயின. போனதிலிருந்து அவற்றை யாரும் கேட்பதில்லை.

"இன்னாவாம் ராசையாவுக்கு? டேப்பு வச்சி அளந்துகினு போறான்?" என்று அன்று மத்தியானம் பரசுராமன் கேட்டார். தூங்கி எழுந்த முகம்.

சொன்னாள்.

"ஏமே, ஓடிகினு கீற யாவாரத்த எடுத்துட்டுத் தயிர் விப்பியா நீ? டெய்லி நாலாயிரம் ரூபா ரீசார்ஜு போவுது. தெரியுமா?"

"போவுது. எங்க போவுது? அதான் கேக்குறேன்."

"இன்னா கேக்குற?"

"காலைல ரீசார்ஜு கம்பெனி வல்லரசு கைல கல்லாவுலேர்ந்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம் எடுத்துக் குடுக்குறேன். அவன் உன் போன்ல நாலாயிரம் ஏத்துறான். ராத்திரி நீ எங்கிட்ட நாலாயிரம் குடுக்கணும். நேத்து இன்னா குடுத்த?"

பரசுராமன் மோவாயைச் சொறிந்தார். "சில்லறையில முன்ன பின்ன இருக்கும்."

"மூவாயிரத்து எட்நூத்தித் தொண்ணூறு. போட்டது கூட வர்ல. உன் கமிசன் போன்லயே குடும்பம் நடத்துதா?"

"பொம்பளைக்கு ஒண்ணும் புரியாது. இது டெக்னிக்கலு" என்றார் அவர்.

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. இந்தக் கடையின் வருமானத்தில்தான் அவள் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அவர் வேலை போய்ச் சும்மா இருந்த எட்டு மாதமும் சோறு போட்டது இந்தக் கடை. அதில் மூன்றடியைக் கேட்டால் டெக்னிக்கலாம்.

மறுநாள் பதினோரு மணிக்கு வல்லரசு பைக்கில் வந்தான். தினமும் கடை கடையாகப் போய்ப் பணம் வாங்கிக்கொண்டு கடைப் போனில் ரீசார்ஜ் பேலன்ஸ் ஏற்றிவிடுகிறவன் அவன். பில் கட்டியவர்களின் பணத்தையும் ரசீதுகளோடு அவனே எடுத்துப் போவான். எழுநூறு ரூபாய் பில்லாக இருந்தாலும் நூறு ரூபாய் பில்லாக இருந்தாலும் கடைக்கு மூன்று ரூபாய். பரசுராமன் பிள்ளையார் கோயில் தெருவுக்குச் சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார்.

"நைனா, போன மாசம் எங்க போன்லேர்ந்து யார் யாருக்கு எவ்ளோ போச்சின்னு உங்க ஆபீசுல தெரியுமா?"

"கம்ப்யூட்டர்ல கீதுக்கா. இன்னாத்துக்கு?"

"எடுத்துகினு வா."

"அண்ணன் திட்டுவாரு."

"பேலன்சுக்குத் துட்டு குடுக்குறது அண்ணனா, நானா?"

வல்லரசு சிரித்துவிட்டுப் போனான். வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதம். மடித்து மடித்து ஒரு புடவை மாதிரி இருந்தது.

மத்தியானம் கடைத்தெரு அடங்கியிருந்தது. பச்சையம்மா பருப்பு மூட்டையின் மேல் அதை விரித்தாள். ஒவ்வொரு வரியிலும் நேரம், போன் நம்பர், தொகை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது; எண் தெரியும். ஒரு பக்கம் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது.

ஐம்பது. அடுத்த வரியில் ஐம்பத்தொன்று.

இன்னும் கீழே முப்பது. அதற்கடுத்து முப்பத்தொன்று. நூறு, நூற்றொன்று.

யார் ஐம்பத்தொரு ரூபாய்க்கு ரீசார்ஜ் கேட்பார்கள்? கல்யாணத்துக்கு மொய்யா எழுதுகிறார்கள்? நம்பரைப் பார்த்தாள். ஐம்பதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் ஒரே நம்பர். நேரம் மாலை ஆறு நாற்பது, ஆறு நாற்பத்திரண்டு. எல்லாமே ஆறிலிருந்து எட்டுக்குள்.

அவள் பென்சிலால் ஒவ்வொரு ஜோடியையும் வட்டமிட்டாள். வியாபாரம் நடந்த இருபத்தாறு நாளில் நாற்பத்தோரு வட்டம். இரண்டாவது தொகைகளை மட்டும் கூட்டினாள். இரண்டாயிரத்து நூற்று எழுபது.

பரசுராமன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி கடைக்குள் வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் நின்றார்.

"இது இன்னாய்யா ஐம்பத்தொண்ணு?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டார்.

"சாய்ந்தரத்துல நெட்வொர்க்கு ஜாமாயிரும்மே. போச்சின்னு மெசேஜு வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆவும். இவனுங்க நிப்பானுங்களா? ஷிப்டு முடிஞ்சி வர்றவன், ஹார்பர் லாரிக்காரன், எல்லாம் ஜல்தி ஜல்தின்னு உயிர எடுப்பானுங்க. திரும்ப அம்பது போட்டா எடுக்காது. அதே நம்பர், அதே தொகைன்னு தள்ளிரும். அதான் ஒரு ரூபா ஏத்திப் போடுவேன். அது போயிரும்."

"ரெண்டுமே போயிரும்."

"சில சமயம்."

"நாப்பத்தோரு சமயம்."

"போன் பண்ணிக் கேட்டேன்மே! ரெண்டு பேரு குடுத்தான். மத்தவன்லாம் ஒண்ணுதான் வந்துச்சின்றான். ஒருத்தன் தாங்க்ஸ்ணான்னு சொல்லி வச்சிட்டான்."

பச்சையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் தங்கியது. "ஒரு ஐம்பத்தொண்ணு வீணாப் போனா, அத எடுக்க நூத்துக்கு ரெண்டரைன்னு எவ்ளோ விக்கணும் தெரியுமா? ரெண்டாயிரத்து நாப்பது ரூபாய்க்கு விக்கணும். அரை நாள் யாவாரம். உன் இருபத்தாறு நாள் கமிசன் ரெண்டாயிரத்து அறநூறு. அதுல இது போவ நானூத்தி முப்பது. எழுபது பில்லுக்கு இருநூத்திப் பத்து. மொத்தம் அறநூத்தி நாப்பது. நாளுக்கு இருவத்தஞ்சு ரூபா கூட இல்ல. அந்த மூணடியில நான் ஷாம்பு சரம் தொங்க வுட்டாலே எழுபது வரும்!"

"ஐம்பத்தொண்ணு போடலன்னா நூறு ரூபா நிக்கும் இல்ல? அப்ப ஒன் ஷாம்ப விட ஜாஸ்தி இல்ல?"

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ராசையாவின் பிரிட்ஜே நாளுக்கு நூற்றிருபது கொடுத்து, கரண்டுக்கு இருபத்தைந்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். மெசேஜ் வரும் வரை காத்திருக்க ஒரு ஆள் இருந்தால், இந்தப் பெட்டி பிரிட்ஜை விட ஐந்து ரூபாய் மேல்.

"அப்ப காத்துகினு இரு."

"நீ இருந்து பாரு. அப்ப தெரியும்."

"இன்னிக்கி நான் நிக்கிறேன். நீ அரிசி போடு."

ஆறு மணிக்கு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் கம்பெனி சிம் போட்ட கறுப்பு வெள்ளை போன். பரசுராமன் தராசு முன்னால் நின்றார், எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு.

முதல் ஆள் குமாரவேல். கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவன், தெருக்கோடி வீடு.

"அக்கா, அம்பது. ஜல்தி."

நம்பரை அடித்தாள், தொகையை அடித்தாள், ரகசிய எண்ணை அடித்தாள். அனுப்பினாள். போன் ஒரு மணல் கடிகாரத்தைக் காட்டியது.

"வர்லக்கா."

"வரும். நில்லு."

"அண்ணன் இருந்தா டக்குனு போட்டுடுவாரு."

"அண்ணன் போடுவாரு. நீ வாங்கிக்குவ. தெரியும் எனக்கு."

குமாரவேல் வேறு பக்கம் பார்த்தான். அவன் நம்பர் அந்தக் காகிதத்தில் மூன்று வட்டத்துக்குள் இருந்தது.

அவனுக்குப் பின்னால் இருவர் வந்தார்கள். இன்னும் இருவர். ஒருவன் பில் கட்ட வந்தான்; ரசீது எழுதுவதற்குள் பேனா தீர்ந்தது. ஏழு பேர், எட்டுப் பேர். எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்க இடமில்லாமல் அரிசி மூட்டை வரை நின்றார்கள். வியர்வை நாற்றம், டீசல் நாற்றம். அவள் அசையவில்லை. மெசேஜ் வந்தது, ஒருவன் போனான். அடுத்த மெசேஜ் ஏழு நிமிடம் கழித்து வந்தது.

"இன்னா பேஜாரு இது. பூத்தா, தர்மாஸ்பத்திரியா?"

"கம்முனு நில்லு நைனா. துட்டு எனக்கும் சும்மா வர்ல."

கூட்டத்தின் தோள்களுக்கு மேலாக அவள் ஒரு மஞ்சள் பையைப் பார்த்தாள். அங்கம்மா. மாதம் இருபத்தைந்து கிலோ அரிசி வாங்குகிறவள். படியேறப் பார்த்தாள். ஆண்களின் முதுகு. ஒதுங்கி நின்றாள். மறுபடி பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து பவுனம்மாள் கடைக்குப் போனாள்.

"அங்கம்மா! ஏ அங்கம்மா!"

சத்தத்தில் கேட்கவில்லை. அல்லது கேட்டும் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் படி வரை வந்து திரும்பினார்கள். தராசின் முன்னால் பரசுராமன் கை கட்டி நின்றார். எடை போட யாருமில்லை.

எட்டேகாலுக்குக் கூட்டம் கலைந்தது. ஒரு ஐம்பத்தொன்று கூடப் போகவில்லை. ரீசார்ஜ் பணம் ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது. மளிகைக் கல்லாவில், சாதாரணமாக இருப்பதில் பாதி.

"பாத்தியா? நூறு ரூபா நின்னுச்சா?" என்றார் பரசுராமன்.

"நின்னுச்சி. அரிசி போயிருச்சி."

கால் வலித்தது. இடுப்பு வலித்தது. ஒரு வருஷமாக அவள் பலகையைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை மூன்றடிதான். அதற்கு முன்னால் நிற்கிற ஆட்கள் கடை முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பத்தொன்றைப் போட்டாவது அவர் கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்பினார். அது ஒரு நஷ்டம். காத்திருந்தால் வேறு நஷ்டம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் கையிலிருந்துதான் போகிறது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இரண்டு மணி நேரத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை அவள் ரசீதுப் புத்தகத்துக்காக ஒரே ஒரு முறைதான் திறந்தாள். போன் கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீ கொடுக்கும்போது சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"பில்லு வேணாம். மூணு ரூபாய்க்கு ரசீது எழுதிக் கை ஒடியுது. வல்லரசுகிட்ட புக்கைத் திருப்பிக் குடுத்துரலாம். ரீசார்ஜு இருக்கட்டும். ஆனா அதுக்குப் பொட்டி எதுக்குய்யா? போனும் நீயும் இருந்தா போதும். வெளிய லைட்டு கம்பத்தாண்ட ஸ்டூல போட்டுக் குந்து. அவனுங்க ரோட்ல நிக்கட்டும், எவ்ளோ நேரம் வேணாலும் நிக்கட்டும். நூறு ரூபாயும் வரும், பிரிட்ஜும் வரும், அரிசியும் போவும்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"ரோட்ல குந்துறதா?"

"கம்பத்தாண்ட."

"இருவத்திரெண்டு வருசம் உள்ள நின்னவன்மே நானு. எங்கிட்ட சூப்பர்வைசர் கூட ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் கேப்பான். லாட்டரி சீட்டு விக்கிறவன் மாதிரி ரோட்ல குந்த சொல்றியா? கம்பெனி ஆளுங்க அந்த வழியாதான் போறான் வர்றான்."

"அவனுங்களா சோறு போடுறானுங்க?"

"பொட்டி இருந்தா நான் இருக்கேன். பொட்டி இல்லன்னா ரீசார்ஜும் இல்ல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள். அவர் மனம் மாறவில்லை. அன்று மாலையும் பெட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார். காகிதம் எதுவும் இல்லாமலே அவள் எண்ணினாள். இரண்டு முறை அவர் விரல் ஒரே நம்பரைத் திரும்ப அடித்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ராசையாவின் வண்டி வந்தது. டிரைவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். எதிரே பவுனம்மாள் வாசலைக் கழுவி, இடம் ஒதுக்கி, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாக்கா, இங்கயா அங்கயா?" என்றார் ராசையா.

"இங்க" என்றாள் பச்சையம்மா.

கண்ணாடிப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பரசுராமன் தூக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சிம் உறைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, போனையும் சேர்த்துக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு துணித்திரை. டிவி சத்தம் கேட்டது. வழக்கத்தை விட அதிகமாக.

பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். விளக்கு உடைந்தது.

வல்லரசு வந்தபோது அவள் போனை நீட்டினாள். "இத எடுத்துகினு போ. நேத்து ரெண்டு நாளைக்குச் சேத்து ஏத்துனதுல உள்ள மூவாயிரத்து அறநூறு கீது. துட்டா திருப்பிக் குடு."

"ஏத்துன பேலன்சுக்குத் துட்டு திரும்ப வராதுக்கா. வித்துதான் தீக்கணும்."

"யாரு விக்கிறது?"

வல்லரசு துணித்திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பில் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை உதைத்தான்.

மாலை ஆறு மணி. பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. தயிர் வாங்கிய ஒருத்தி ஷாம்பும் வாங்கினாள். பச்சையம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் போன். ஒரு கையில் துவரம்பருப்பு, மறு கையில் பொட்டலத் தாள்.

"அக்கா, முப்பது."

"பேப்பர்ல நம்பர எழுதி வச்சிட்டு வெளிய கம்பத்தாண்ட போய் நில்லு. வந்தா கூப்புடுறேன்."

"எவ்ளோ நேரம்?"

"வர்ற நேரம்."

இரண்டு பேர் முணுமுணுத்தபடி போய் நின்றார்கள். ஒருவன் போய்விட்டான். இப்படி விற்றால் நாளுக்கு இரண்டாயிரம் போகும். ஐம்பது ரூபாய் நிற்கும். இடம் ஒரு அங்குலம் கூடச் செலவில்லை. செலவு அவள் கைதான். அந்தக் கணக்கு மட்டும் யார் காகிதத்திலும் வராது.

தலையில் கூடையோடு ஒரு மீன்காரப் பாட்டி வந்து நின்றாள். "இந்தாமே, என் மவனுக்கு இருவது போடு. அவன் போன்ல காசில்ல, பேச முடியல."

"நம்பர் சொல்லுமா."

"எனக்கு இன்னா தெரியும்? எப்பவும் உங்க வூட்டுக்காரருதான் போடுவாரு. நான் சொன்னதே இல்ல."

பச்சையம்மா பருப்பைத் தராசில் கொட்டினாள். சிந்தியது. பாட்டி நகரவில்லை. பின்னால் நான்கு பேர்.

துணித்திரைக்குப் பின்னால் டிவி சத்தம் குறைந்தது.

"தொண்ணூத்தெட்டு…" என்று குரல் வந்தது. பத்து எண்ணையும் நிறுத்தி நிறுத்தி, அவள் அடிக்கிற வேகத்துக்குச் சொன்னது. ஆள் வெளியே வரவில்லை.

அவள் அடித்தாள். அனுப்பினாள். மணல் கடிகாரம்.

டிவி மறுபடி சத்தமாக ஓடத் தொடங்கியது.

"இன்னாமே, போயிருச்சா?" என்றாள் பாட்டி.

"நில்லு" என்றாள் பச்சையம்மா, சிந்திய பருப்பைப் பொறுக்கியபடி.